வாடகை அறையில் தங்கிவிட்ட சிகரெட் நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையின் உப்புவெளியில் விருந்தினர் விடுதி ஒன்றின் அறைகளைத் துப்புரவாக வைத்திருப்பது பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்தது. அதனால் உறவினரும் அயலவரும் வாடகைக்கு அறை எடுத்தால் என்னைத்தான் கேட்பார்கள். கடந்த ஆண்டு ஆனி மாதத்தில் என் தங்கையின் மகன் உவர்மலையில் ஓர் அறை எடுத்தான். முன்பு அங்கே இருந்தவர் நான்கு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு புகைத்தவர். கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி அந்த அறையில் நாங்கள் இருவரும் பட்ட பாடுதான்.

யன்னல்களை ஒரு கிழமையாகத் திறந்தே வைத்திருக்கிறேன். கடல் காற்று நன்றாக வருகிறது. ஆனாலும் பூட்டிவிட்டு வேலைக்குப் போய் வந்தால் மறுபடியும் அதே நாற்றம். ஏன்?

காற்றோடு வெளியே போகக்கூடியது எப்போதோ போய்விட்டது. இப்போது நீங்கள் முகர்வது பழைய புகையை அல்ல. அது படிந்த இடத்திலிருந்து புதிதாகக் கிளம்பும் ஆவியை. சிகரெட் புகையில் உள்ள தாரும் நிக்கோட்டினும் சுவரிலும் துணியிலும் பிசுபிசுப்பான மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. குசினிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் படிவதைப் போலத்தான், ஆனால் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. அந்தப் படலம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். யன்னல் திறந்திருக்கும்போது காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. பூட்டியதும் அறை மறுபடியும் நிரம்புகிறது.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும். காற்றில் ஈரம் கூடினால் இந்த நாற்றமும் கூடும். பரப்புகளில் ஒட்டியிருக்கும் நாற்றப் பொருள்களை ஈரம் இடம்பெயர்த்து வெளியே தள்ளுகிறது. ஆகவே கச்சான் காற்று வீசும் காய்ந்த நாளில் போனதுபோல் தோன்றும் நாற்றம் மார்கழி மழையில் எழும்பி வரலாம்.

அறை முழுவதும் ஒரே நாற்றமாக இருக்கிறது. சுவரா, திரைச்சீலையா, சோபாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அறைக்குள் நின்று மூக்கை நம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். எல்லாமே மணப்பது போலவும் எதுவுமே மணக்காதது போலவும் இருக்கும்.

மூடியுள்ள சுத்தமான கண்ணாடிப் போத்தல்கள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் இருந்த போத்தல் வேண்டாம், அது எத்தனை முறை கழுவினாலும் ஊறுகாய்தான். முதல் போத்தலுக்குள் திரைச்சீலையைக் கட்டும் பட்டியைச் சுருட்டிப் போடுங்கள். இரண்டாவதற்கு, வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்றை நனைத்து இறுகப் பிழிந்து, சுவரில் முகம் அளவான ஓர் இடத்தை அழுத்தித் துடைத்துவிட்டு அந்தத் துணியைப் போடுங்கள். மூன்றாவதற்கு, சோபாவின் மடிப்புக்குள், இருக்கைக்கும் சாய்வுக்கும் இடையில் கை நுழையும் அந்த இடத்தில், மற்றொரு துணித் துண்டை ஓர் இரவு செருகி வைத்து எடுத்துப் போடுங்கள். மூன்றையும் இறுக மூடி அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, அந்த அறைக்குள் வராத ஒருவரிடம் கொடுத்துத் திறந்து முகரச் சொல்லுங்கள்.

எங்கள் அறையில் எல்லோரும் சோபாவைத்தான் சந்தேகித்தோம். பக்கத்து வீட்டு அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது சுவர்த் துணிக்கு. அந்தத் துணி வெறுந்தேநீர் நிறத்தில் இருந்தது. திரைச்சீலை இரண்டாவது. சோபா மூன்றாவதாகத்தான் வந்தது. இது வியப்பானதல்ல. 10 அடிக்கு 12 அடி அறையில் நான்கு சுவரும் கூரையும் சேர்ந்தால் சோபாவைப் போலப் பல மடங்கு பரப்பு. புகை எல்லா இடத்திலும் படிகிறது, பரப்புக் கூடிய இடத்தில் கூடுதலாகப் படிகிறது.

போத்தல்களை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இதே சோதனையைத் திரும்பச் செய்தால்தான் எதில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

எதை முதலில் தொடங்க வேண்டும்?

துணிகளை எல்லாம் முதலில் வெளியே எடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக: கூரை, மின்விசிறி, சுவர், யன்னல் சட்டமும் நுளம்பு வலையும், தரை. சோபா கடைசி. சுவர் அழுக்காக இருக்கும்போது திரைச்சீலையைத் தோய்த்து மாட்டினால் இரண்டு கிழமையில் அது சுவரின் நாற்றத்தை வாங்கிக்கொள்ளும். தோய்த்த கைக்குத்தான் நட்டம்.

மின்விசிறித் தகடுகளின் மேற்பக்கத்தை மறக்க வேண்டாம். ஏணியில் ஏறித் தொட்டுப் பாருங்கள், விரல் ஒட்டும். அதைத் துடைக்காமல் விசிறியைப் போட்டால் அறை முழுவதற்கும் அதுவே நாற்றத்தைப் பரப்பும். அறையில் ஏசி இருந்தால் வடிகட்டியை நீங்களே கழற்றிக் கழுவலாம். உள்ளே இருக்கும் குளிர்ச் சுருளைக் கழுவப் பழகிய ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும்.

வினாகிரி நல்லதா, அப்பச்சோடா நல்லதா? இரண்டையும் கலந்தால் இன்னும் நல்லது என்று அம்மா சொல்கிறார்.

அம்மாவுடன் வாதாட வேண்டாம், ஆனால் கலக்கவும் வேண்டாம். ஒன்று அமிலம், மற்றது காரம். வாளிக்குள் இரண்டும் சேர்ந்தால் நுரைத்துப் பொங்கி ஒன்றையொன்று அழித்துவிடும். நுரை அடங்கிய பிறகு உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ உப்புத் தண்ணீர்.

இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. நிக்கோட்டினும், பழைய சிகரெட்டுக்கே உரிய அந்த வறண்ட கார நெடியைத் தரும் வேறு சில பொருள்களும் காரத்தன்மை உள்ளவை. அமிலம் பட்டால் அவை உப்பாக மாறி, ஆவியாக முடியாமல் தண்ணீரில் கரைந்துவிடும். வினாகிரி பலன் தருவது இதனால்தான். அப்பச்சோடா அமில நாற்றங்களை அடக்கக்கூடியது. வியர்வைக்கும் புளித்த பாலுக்கும் நல்லது, சிகரெட்டுக்கு அரைகுறை.

ஆனால் தார் எண்ணெய்ப் பிசின் போன்றது. அதை வினாகிரி அசைக்காது. அதற்குச் சலவைச் சோடாவும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டும். ஆகவே முதலில் சோடாத் தண்ணீரால் பிசினைக் கழற்றி, வெறும் தண்ணீரால் துடைத்து, அதன் பிறகு வினாகிரித் தண்ணீர். சோடாத் தண்ணீர் பட்ட உடனே நாற்றம் முன்பைவிட அதிகமாக எழும்பும். காரம் நிக்கோட்டினை விடுவிப்பதால் அப்படி நடக்கிறது. பயந்து நிறுத்திவிடாதீர்கள். யன்னலைத் திறந்து வைத்துத் தொடருங்கள்.

வெள்ளை வினாகிரியையே வாங்குங்கள். தென்னை வினாகிரிக்கு நிறமும் மணமும் உண்டு, அதை மீன் கறிக்கு வைத்துக்கொள்ளலாம். குளோரின் பிளீச்சை வினாகிரியோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிவரும். பிளீச் மஞ்சள் கறையை வெளுக்கச் செய்யுமே தவிர நாற்றத்தின் மூலத்தை எடுக்காது. இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

சுவரைக் கழுவப் போகிறேன். பெயின்ற் உரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?

பயம் நியாயமானது. முதலில் கதவுக்குப் பின்னால் மறைவான மூலையில் ஈர விரலால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளை மாவாக ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதைக் கழுவ முடியாது, கரைந்து வரும். வினாகிரி சுண்ணாம்பை அரித்தும் விடும். அத்தகைய சுவரை உலர்ந்த துணியால் தூசி தட்டி, பிறகு உரிமையாளருடன் பேசி மேலே பூச வேண்டியதுதான். விரலில் ஒன்றும் ஒட்டாமல் மஞ்சள் பிசுக்கு மட்டும் வந்தால் எமல்ஷன் அல்லது எண்ணெய்ப் பெயின்ற். கழுவலாம்.

ஐந்து லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கூட்டிப் போட்டால் கூடுதல் பலன் இல்லை, பெயின்ற்றின் பளபளப்புத்தான் போகும். கையுறை அணியுங்கள். வேலை தொடங்குமுன் அறையின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். சுவிட்சுகளுக்கும் பிளக்குகளுக்கும் அருகே நன்றாகப் பிழிந்த துணி மட்டும்.

துடைப்பது கீழிருந்து மேலாக. இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. மேலிருந்து தொடங்கினால் பழுப்புத் தண்ணீர் காய்ந்த அழுக்குச் சுவரில் வழிந்து கோடு கோடாக இறங்கும். அந்தக் கோடுகள் பிறகு போவது மிகவும் கடினம். கீழே ஏற்கெனவே கழுவி ஈரமாக இருந்தால் மேலிருந்து வழிவதை ஒரு துடைப்பில் எடுத்துவிடலாம். கையை விரித்த அகலத்துக்கு ஒரு பட்டையாக எடுத்து, சோடாத் தண்ணீர் பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, துடைத்து, வேறு வாளியின் வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்து, அதன் பிறகு அடுத்த பட்டைக்குப் போங்கள்.

வாளித் தண்ணீரை நிறம் பார்த்து மாற்றுங்கள். உவர்மலை அறையில் முதல் சுவருக்கு மட்டும் நான்கு வாளி போனது. முதல் வாளியைப் பார்த்த தங்கையின் மகன், "பெரியம்மா, இதற்குச் சீனி போட்டால் குடித்துவிடலாம்" என்றான். இரண்டாவது முறை கழுவியபோது தண்ணீர் மங்கலாக மட்டுமே இருந்தது. அங்கே நிறுத்தினோம். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும் என்று நினைத்தால் பெயின்ற்றையே கழுவத் தொடங்கிவிடுவீர்கள்.

சுவர் காய்ந்த மறுநாள், ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வினாகிரி மணம் ஒரு நாளில் போய்விடும். தரை சிவப்புச் சீமெந்தாகவோ மொசைக்காகவோ இருந்தால் பொலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். வினாகிரி சொட்டிய இடம் மங்கிப்போகும், உரிமையாளர் அதற்கும் உங்களைத்தான் கேட்பார்.

கூரை பற்றி ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் பல அறைகளுக்கு அஸ்பெஸ்டஸ் தகடுதான் கூரை. உட்கூரையும் சில இடங்களில் அதே தகடு. அதைத் தூரிகையால் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. காற்றில் பறக்கும் அதன் நார்கள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. சிகரெட் நாற்றத்தைப் போக்கப் போய் அதைவிடக் கெட்டதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டாம். அப்படியான கூரையைத் தொடாமல் விட்டு, பூச வேண்டுமானால் உரிமையாளர் மூலம் பழகிய ஆள்களைக் கொண்டு செய்வியுங்கள்.

திரைச்சீலையை இரண்டு முறை மெஷினில் போட்டேன். காய்ந்தபோது மணக்கவில்லை, மாட்டிய பிறகு மணக்கிறது. தூக்கி எறிந்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மாட்டிய பிறகு மணக்கிறது என்றால் முதலில் சுவரைச் சந்தேகியுங்கள். சுவர் முடிந்துவிட்டது என்றால் குறை ஊறவைத்தலில் இருக்கிறது. மெஷினில் திரைச்சீலையை அடைத்துப் போட்டால் தண்ணீர் நடுவே போவதில்லை. சவர்க்காரத் தூள் காரமானது என்பதால் நிக்கோட்டினைக் கரைப்பதில் அதன் பலன் பாதிதான்.

பெரிய வாளியில் பத்து லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு இரண்டு கோப்பை வெள்ளை வினாகிரி விட்டு, ஒரு திரைச்சீலையை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இடையில் இரண்டு முறை அமுக்கிப் புரட்டுங்கள். தண்ணீர் மஞ்சளாகும். பிழிந்து அதை ஊற்றிவிட்டு, ஒருமுறை அலசி, அதன் பிறகு வழக்கம்போல் சவர்க்காரத் தூளில் துணி தாங்கும் அளவு சூட்டில் தோயுங்கள். எங்களுக்கு இந்தச் சுற்று மூன்று முறை தேவைப்பட்டது. மூன்றாவது முறை ஊறிய தண்ணீர் நிறம் மாறவில்லை.

உலோக வளையங்களைக் கழற்ற முடியாவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், கறள் பிடித்துத் துணியில் இறங்கும். வெளிச்சம் மறைப்பதற்காகப் பின்புறம் ரப்பர் போலப் பூசிய திரைச்சீலை என்றால் சூடும் முறுக்கிப் பிழிதலும் ஆகாது. அந்தப் பூச்சு வெடித்து உரியும். அதை விரித்துப் போட்டுத் துடைக்கத்தான் முடியும். பூச்சுக்குள்ளேயே நாற்றம் ஏறியிருந்தால் அதை மட்டும் எறிந்துவிடலாம்.

போத்தல் சோதனையில் தேறாத துணியை இஸ்திரி போடாதீர்கள். மிச்சமிருக்கும் பிசினைச் சூடு இழையோடு சேர்த்து இறுக்கிவிடும். உலர்த்துவதற்கு நம் ஊர் வெயில் போதும். நிறத் துணியை உட்புறம் வெளியே தெரியப் புரட்டி, காற்றோட்டமான நிழலில் போடுங்கள். உள்துறைமுகப் பக்கமாகவோ கடற்கரை ஓரமாகவோ இருப்பவர்கள் மாலையில் உப்புக் காற்று வரும்முன் எடுத்துவிடுவது நல்லது. உப்பு படிந்த துணி ஈரத்தை இழுக்கும், ஈரம் நாற்றத்தை எழுப்பும்.

செற்றிக்கு அப்பச்சோடா தூவி உறிஞ்சியால் எடுத்தேன். மூன்று நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. என்ன பிழை விட்டேன்?

பிழை உங்களுடையதல்ல, அப்பச்சோடாவின் கை நீளம் அவ்வளவுதான். தூள் மேல் துணியில் இருக்கிறது. நாற்றம் உள்ளே பஞ்சுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஒருவர் உட்காரும்போதும் மெத்தை அமுங்கிக் காற்றை வெளியே விடுகிறது, எழும்பும்போது அறைக் காற்றை உள்ளே இழுக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்த மெத்தை இழுத்தது சிகரெட் புகையை.

ஆகவே முதலில் செற்றியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அது எதனால் ஆனது என்று பாருங்கள். அடியில் மெல்லிய கறுப்புத் துணி ஸ்டேப்பிள் ஊசிகளால் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாகக் கழற்றி உள்ளே பாருங்கள். ஃபோம் இருக்கலாம், தென்னந்தும்பு இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதைச் செய்யுமுன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பொருள் அவருடையது.

உறை கழற்றக்கூடியது என்றால் வேலை பாதி முடிந்தது போல. உறையைத் திரைச்சீலையைப் போலவே வினாகிரியில் ஊறவைத்துத் தோய்த்துவிடுங்கள். வெறும் ஃபோமை வெயிலும் காற்றும் படும் இடத்தில் சாய்த்து நிறுத்தி, ஒரு பங்கு வினாகிரி மூன்று பங்கு தண்ணீரைத் தெளிப்பானால் பனி போலத் தெளித்து, காயவிட்டு, அடுத்த நாள் மறுபக்கம். நீண்ட நேர நேர் வெயிலில் ஃபோம் மஞ்சளாகிப் பொடியத் தொடங்கும் என்பதால், காலை வெயிலில் இரண்டு மணி நேரம், மீதி நேரம் நிழல்.

உறை நிரந்தரமாக அடிக்கப்பட்டிருந்தால் நனைக்கும் ஆசையை அடக்குங்கள். உறிஞ்சியால் மடிப்புகளையும் அடிப்புறத்தையும் நன்றாக எடுத்துவிட்டு, வினாகிரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேல் துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள். துணி பழுப்பாகும், அதைக் கழுவி மறுபடி ஒற்றுங்கள். கை வைத்தால் ஈரமாகத் தெரிய வேண்டும், அழுத்தினால் தண்ணீர் வரக் கூடாது. உள்ளே போன தண்ணீர் ஒரு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சிகரெட் நாற்றத்தோடு முடை நாற்றமும் சேர்ந்தால் அந்தச் செற்றியை யாராலும் காப்பாற்ற முடியாது. ஐப்பசி முதல் தை வரை, வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் காலத்தில், இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ரெக்சின் செற்றி எளிதானது என்று தோன்றும். மேற்பரப்பைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்தால் சுத்தமாகிவிடும், உண்மைதான். ஆனால் தையல் ஓட்டைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் புகை உள்ளே போயிருக்கும். இருக்கையில் கையை வைத்து அமுக்கி, தையல் ஓரத்தில் வரும் காற்றை முகர்ந்து பாருங்கள். அதில் நாற்றம் இருந்தால் துடைத்துப் பயனில்லை.

உவர்மலை அறையின் செற்றியில் சாய்வுப் பகுதி தேறியது, இருக்கை தேறவில்லை. இரண்டு கிழமை தெளித்தும் உலர்த்தியும் பார்த்துவிட்டு, குஷன் வேலை செய்பவர் ஒருவரிடம் கொண்டுபோய் இருக்கைக்கு மட்டும் புதிய ஃபோம் போட்டோம். மூன்று இருக்கைக்கான ஃபோமும் கூலியும் புதிய செற்றியின் விலைக்குப் பக்கத்திலும் வரவில்லை. இரண்டு கிழமை வீணாகாமல் முதல் போத்தல் சோதனையிலேயே ஃபோமிலிருந்து ஒரு துண்டு கிள்ளிப் போட்டுப் பார்த்திருக்கலாம். அது என் பிழை.

சாம்பிராணி போட்டால் போகாதா? கரி வைத்தால்? ஓசோன் மெஷின் என்று ஒன்று இருக்கிறதாமே?

சாம்பிராணி வெள்ளிக்கிழமைக்கு நல்லது. ஆனால் அதுவும் புகைதான், அதுவும் படியும். சிகரெட் படலத்தின் மேல் சாம்பிராணிப் படலம் ஏறினால் கழுவ வேண்டியது இரண்டாகிறது. நுளம்புச் சுருளும் அப்படியே. வேலை முடியும்வரை வலைக்குள் படுங்கள்.

அடுப்புக்கரி மிகக் கொஞ்சமே பிடிக்கும். செயலூட்டிய கரி என்பது வேறு. தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பதப்படுத்தி எண்ணற்ற நுண்துளைகள் உண்டாக்கியது. இலங்கையிலேயே செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். கழுவி முடித்த அறையில் எஞ்சிய சிறு மணத்தை அது பிடிக்கும். கழுவாத அறையில் வைத்தால், ஒழுகும் கூரைக்குக் கீழே கோப்பை வைத்த கதைதான்.

ஓசோன் மெஷின் வேண்டாம். ஓசோன் சுவாசத்துக்குக் கேடு. நிக்கோட்டின் படலத்தோடு அது சேரும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் ஃபோர்மல்டிஹைட் போன்ற பொருள்களும் உருவாகின்றன. ரப்பரையும் ஃபோமையும் கூடக் கெடுக்கும். பக்கத்து அறையில் கைக்குழந்தை இருக்கும் வாடகை வீட்டில் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

வீட்டுக்கார அன்ரி, "ஒரு கோட் பெயின்ற் அடித்தால் சரி, கழுவத் தேவையில்லை" என்கிறார். அடிக்கலாமா?

கழுவாத சுவரில் எமல்ஷன் அடித்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது நாற்றம் அல்ல, கறை. எமல்ஷன் தண்ணீரில் கரைத்த பெயின்ற். அதிலுள்ள தண்ணீர் நிக்கோட்டினைக் கரைத்து மேலே இழுத்து வரும். புதிய வெள்ளைச் சுவரில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள் எழும்பும். இன்னொரு கோட் அடித்தால் அதிலும் எழும்பும். பிசுக்கின் மேல் பெயின்ற் சரியாகப் பிடிக்காமல் உரிவதும் உண்டு.

இரண்டு முறை கழுவிக் காய்ந்த பிறகும் சுவர்த் துணி போத்தலில் மணந்தால் அப்போது பூச வேண்டியதுதான். ஆனால் எமல்ஷனுக்குக் கீழே, கறையைத் தடுக்கும் எண்ணெய்ப் பிரைமர் அல்லது அரக்கு கலந்த பிரைமர் ஒரு கோட் வேண்டும். கடையில் வெறுமனே பிரைமர் என்று கேட்டால் தண்ணீரில் கரையும் வகையைத் தந்துவிடக் கூடும். சிகரெட் கறைக்கு என்று சொல்லிக் கேளுங்கள், டப்பாவில் கரைப்பான் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். தண்ணீர் என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இந்த வகைப் பிரைமர்களின் நெடி கடுமையானது. யன்னல்களைத் திறந்து வைத்து அடித்துவிட்டு, அன்றிரவு வேறெங்காவது படுங்கள்.

சுவர் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, இரண்டு கைப்பிடி அகலப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அன்ரியிடம் பேசுவதற்கு நான் கண்ட வழி, முதல் துடைத்த துணியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது. வாய்ச்சண்டை தேவைப்படாது. கழுவும் உழைப்பு உங்களுடையது, பிரைமர் விலை வாடகையில் கழிக்கப்படும் என்று பேசி, அதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குடி வந்த அன்றே சுவரையும் துணியையும் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வெளியேறும்போது முற்பணத்தில் கைவைக்க இந்தப் பழைய மஞ்சளே காரணமாகிவிடும்.

எல்லாம் செய்து நான்கு மாதம் நிம்மதியாக இருந்தேன். மழை தொடங்கிய முதல் கிழமையே லேசாக அதே நாற்றம். மறுபடியும் சுவரைக் கழுவ வேண்டுமா?

இல்லை, லேசாக என்று சொல்வதே நல்ல செய்தி. பெரிய பரப்புகள் தேறிவிட்டன, எங்கோ சிறிய இடம் தப்பிவிட்டது. ஈரம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. மழை நாளிலேயே தேடுங்கள், வெயில் வந்தால் ஒளிந்துகொள்ளும். அறையை இரண்டு மணி நேரம் பூட்டி வைத்து, வெளியே நின்றுவிட்டு, நுழைந்ததும் முதல் சில மூச்சுக்குள் எந்தப் பக்கம் கூடுதல் என்று பாருங்கள்.

தப்பும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: பூச்சு இல்லாத மரம். அல்மாரியின் முதுகுப் பலகை, மேசை இழுப்பறையின் அடி, கதவின் மேல் விளிம்பு. பெயின்ற்றோ வார்னிஷோ இல்லாத மரம் புகையைக் குடித்து வைத்திருக்கும், துடைத்தாலும் விடாது.

எங்களுக்கும் கார்த்திகையில் இதே கதைதான். தங்கையின் மகன் தொலைபேசியில், "பெரியம்மா, அவர் திரும்பி வந்துவிட்டார்" என்றான். போய்ப் பார்த்தேன். யன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பியை மறைக்கும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. முன்பக்கம் பளபளவென்று வார்னிஷ். ஏணி வைத்து மேலே கையை விட்டால், உட்பக்கமும் மேற்பக்கமும் வெறும் மரம், அதில் விரல் கனத்துக்குத் தூசியும் பிசுக்கும். முன்பு இருந்தவர் யன்னலோரம் நின்று புகைத்திருக்கிறார், புகை நேரே அந்தப் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது. நாங்கள் கம்பியைத் துடைத்தோம், பெட்டிக்குள் கை விடவில்லை.

சோடாத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, வினாகிரியால் ஒருமுறை துடைத்து, பெட்டியைக் கழற்றி மழை படாத விறாந்தையில் ஐந்து நாள் காயவிட்டோம். உட்பக்கம் முழுவதற்கும் அரக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடித்து மாட்டினோம். அதன் பிறகு பெய்த மழைக்கு அறையில் ஈரச் சீமெந்து மணம் மட்டும்தான் வந்தது.